கேட்டில் ஒட்டிய தாள்

சென்னையின் தென்புறத்தில் 32 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். இரண்டு வருடம் அதன் அசோசியேஷன் செயலாளராக இருந்தேன். தண்ணீர் லாரி வரும் நேரம், லிஃப்ட் பழுது, மாடிப்படி விளக்கு என்று எத்தனையோ நோட்டீஸ் எழுதி கேட்டில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய இரண்டே மணி நேரத்தில் நானே கிழித்தெடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாம் மாடியில் இருந்த பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். குடியிருப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். மகன் அழுதுகொண்டே வந்து சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்மால் ஆனது என்று உட்கார்ந்து ஒரு இரங்கல் அறிவிப்பைத் தட்டி, கறுப்புக் கட்டம் போட்டு, எட்டு மணிக்கெல்லாம் கேட்டில் ஒட்டிவிட்டேன். கடைசி வரி இப்படி இருந்தது: ‘குடியிருப்போரும் வருகை தருவோரும் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

பத்து மணிக்குச் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியவரின் அக்கா வந்து இறங்கினார். எண்பது வயதுக்கு மேல். கூட வந்த பேரன் கேட்டில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான். அந்தம்மா அங்கேயே நின்றுவிட்டார். செக்யூரிட்டியைப் பார்த்து, “இங்க அழக்கூடாதாப்பா?” என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். “இல்லைங்கம்மா, நீங்க மேல போங்க” என்று கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வருகிற அக்காவிடம் வாசலிலேயே ‘வாயை மூடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே வந்ததும் தாளைக் கிழித்தேன்.

எங்கே தப்பு நடந்தது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிச் சுவரிலும் நூலகத்திலும் எழுதியிருக்கும் ‘அமைதி காக்கவும்’ என்ற வரியை அப்படியே எடுத்துச் சாவு வீட்டு வாசலில் ஒட்டியிருந்தேன். நம் ஊரில் சாவு வீடு அமைதியாக இருக்கும் இடமே கிடையாது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். சங்கு ஊதுவார்கள், சேகண்டி அடிப்பார்கள், சில வீடுகளில் பறை கொட்டும். கிறிஸ்தவர் வீடென்றால் ஜெபமும் பாட்டும், இஸ்லாமியர் வீடென்றால் குர்ஆன் ஓதுதலும் இருக்கும். துக்கம் அந்தச் சத்தத்தோடுதான் வெளியே வருகிறது. அமைதியாக இருக்க வேண்டியது மற்ற 31 வீடுகள். அப்படியானால் நோட்டீஸ் அந்த 31 வீடுகளிடம்தான் பேச வேண்டும், அதுவும் எந்தச் சத்தம் வேண்டாம் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

கிராமத்துத் தெருவில் இப்படி எழுதி ஒட்ட வேண்டிய தேவை இருந்ததில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் சங்குச் சத்தமே தெரு முழுக்கச் சொல்லிவிடும். சடலத்தை எடுக்கும்வரை பக்கத்து வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்காத ஊர்கள் உண்டு. தெருவிலிருக்கும் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். ரேடியோவை யாரும் சொல்லாமலே அணைப்பார்கள். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் உலகம் சாத்தியாயிற்று. லிஃப்டில் நேராக நான்காம் மாடிக்குப் போகிறவருக்கு இரண்டாம் மாடியில் நடந்தது சாயங்காலம்வரை தெரியாது. தெரியாமல் பாட்டு வைத்த மனுஷன் பிறகு தெரிந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். சங்கு செய்த வேலையைத்தான் இப்போது அந்தத் தாள் செய்ய வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு இரண்டாவது தாளை எழுதும் முன் மகனிடம் போய் நின்றேன். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய காரியம் இது. வாசலில் அறிவிப்பு ஒட்டலாமா, அப்பாவின் பெயரை எப்படிப் போடட்டும், எப்போது எடுக்கப் போகிறீர்கள், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதா என்று நான்கு கேள்வி கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “தங்கச்சிக்கு இன்னும் சொல்லலைங்க. லண்டன்ல இப்பதான் விடியுது. போன் எடுக்கலை. நம்ம குரூப்ல போட்டுடாதீங்க, அவளும் அதுல இருக்கா.” அப்பா அம்மாவுக்காக மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் அனுப்புகிறவர் அந்தத் தங்கைதான். அதனால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணும் உண்டு. கிழித்த தாளைப் போட்டோ எடுத்து அதில் போடத்தான் நான் போனைக் கையில் எடுத்திருந்தேன். யாராவது ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். நல்லவேளை, இல்லை. அப்பா செத்துப்போன செய்தியை மகள் ஒரு நோட்டீஸ் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை அரை மணி நேரத்தில் தப்பியது. அண்ணன் பேசி முடித்து, “இப்ப போடலாம்” என்று சொன்ன பிறகே மற்றதெல்லாம்.

மரணத்தைச் சொல்லும் வார்த்தையையும் குடும்பத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. இறைவனடி சேர்ந்தார், சிவலோக பதவி அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார்கள், இயற்கை எய்தினார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல் இருக்கிறது. சாமி கும்பிடாத மனிதரை ‘இறைவனடி’ சேர்த்துவிட்டால், அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை நாம் ஒரு வரியில் அழித்ததாகிவிடும். ‘ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்’ என்ற வரியும் எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது. கேட்க முடியாத நிலை என்றால் ‘காலமானார்’ போதும். அது யார் வீட்டு வாசலிலும் உறுத்தாது. எப்படி இறந்தார் என்பதை எழுதவே கூடாது. அது அந்தக் குடும்பம் விரும்பினால் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

இனி சத்தம். குடியிருப்பில் எந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்தால்தான் எதை எழுதுவது என்று தெரியும். டிவி, பேச்சு, பாட்டு எல்லாம் காற்றில் வருகிற சத்தம். கதவு ஜன்னலைச் சாத்தினால் பெருமளவு அடங்கிவிடும். டிரில்லிங் மெஷினும் சுத்தியலும் அப்படியில்லை. அவை சுவரையும் கான்கிரீட் தளத்தையும் அதிரவைக்கின்றன, அந்த அதிர்வு தூண் வழியாகவும் தளம் வழியாகவும் கட்டடம் முழுக்கப் போய் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மறுபடி சத்தமாகிறது. மூன்றாம் மாடியில் துளை போட்டால் முதல் மாடியில் தன் வீட்டுச் சுவரிலேயே போடுவதாகத் தோன்றுவது இதனால்தான். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாலும் பயன் இல்லை. எங்கள் பெரியவர் வீட்டுக்கு நேர் மேலே அந்த மாதம் மர வேலை நடந்துகொண்டிருந்தது.

மற்றொன்று கீழ்த்தளம். தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம் மூன்று பக்கம் திறந்திருந்தாலும் மேலே தளம் இருப்பதால் ஹாரன் சத்தம் எதிரொலித்துப் படிக்கட்டு வழியே மேலேறும். சில கார்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும். சடலத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டில் திடீரென்று அந்தப் பாட்டு கேட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலிங் பெல்லையும் யாரும் நினைப்பதில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், மருத்துவரின் சான்றிதழ் வாங்கி வருகிறவர், மாலை கொண்டுவருகிறவர் என்று ஆளாளுக்கு அடித்தால் ஒரு நாளில் ஐம்பது அறுபது தடவை குயில் கூவும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று அப்போது ஒருவர் கேட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. துக்க வீட்டுக்கென்று தனி விதி கிடையாது. பகல் பதினொரு மணிக்குத் தன் வீட்டில் ஆணி அடிப்பவரைச் சாவைக் காட்டித் தடுக்கும் அதிகாரம் அசோசியேஷனுக்கும் இல்லை. ஆகவே ‘தடை செய்யப்படுகிறது’, ‘மீறினால் அபராதம்’ போன்ற வார்த்தைகள் இந்தத் தாளில் வரக்கூடாது. அது பொய்யாகவும் இருக்கும், இரங்கல் தாளுக்கு அசிங்கமாகவும் இருக்கும். வேண்டிக் கேட்டால் நம் மக்கள் செய்வார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

மகனிடம் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு உள்பக்கம் ஒட்டிய தாள் இதுதான். பெயரை மட்டும் விட்டிருக்கிறேன்.

‘இரண்டாம் மாடி திரு. ______ (வயது 78) இன்று அதிகாலை காலமானார். அவர் குடும்பத்தாரின் துயரத்தில் நாம் எல்லோரும் பங்குகொள்கிறோம்.

இறுதிச் சடங்கு நாளை காலை.

குடியிருப்பில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று முதல் ஞாயிறு இரவு வரை டிரில்லிங், சுத்தியல் அடித்தல், டைல்ஸ் வெட்டுதல் போன்ற வேலைகளை நிறுத்திவையுங்கள். கேட்டுக்குள் ஹாரன் வேண்டாம். டிவி, பாட்டுச் சத்தம் உங்கள் வீட்டைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் படிக்கட்டில் நின்று பேச வேண்டாம். திங்கட்கிழமை காலை முதல் எல்லா வேலையும் வழக்கம்போல் தொடரலாம்.

அஞ்சலி செலுத்த வருகிறவர்களுக்கு: கதவு திறந்தே இருக்கும், பெல் அடிக்க வேண்டாம். விவரம் வேண்டுமென்றால் செக்யூரிட்டியிடம் கேளுங்கள், வீட்டாரைப் போனில் அழைக்க வேண்டாம்.’

இதில் ‘திங்கட்கிழமை காலை’ என்பதுதான் எனக்கு முக்கியமான வரி. முடியும் நாள் சொல்லாத வேண்டுகோளை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒருவர் சடலம் கிளம்பிய அடுத்த நிமிடம் மெஷினைப் போடுவார். இன்னொருவர் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வேலைக்காரர்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டு மனசுக்குள் புழுங்குவார். மகள் சனிக்கிழமை விடியற்காலையில்தான் வந்திறங்குவார், அதனால் சனி காலை எடுப்பது. ஞாயிறு காலை பால் தெளித்து எலும்பு பொறுக்கிவிட்டு வருவார்கள். அன்று ராத்திரியாவது அந்தம்மா கண்ணயர வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஞாயிறு இரவு என்று எழுதினோம்.

கேட்டின் வெளிப்பக்கம் வேறொரு சிறிய தாள். அதில் பெயரும் காலமானார் என்ற செய்தியும் மட்டும். நேரம், வீட்டு எண், போன் எண் எதுவும் இல்லை. சடலத்தோடு வீட்டு ஆட்கள் மொத்தமாகக் கிளம்பும் நேரத்தைத் தெருவில் போகிற எல்லாருக்கும் அறிவிப்பது, வீடு காலியாக இருக்கும் நேரத்தை அறிவிப்பதுதான். துக்கத்தில் அலமாரியைப் பூட்டினோமா என்றுகூட யாருக்கும் நினைவிருக்காது. சடலம் போய்த் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள எதிர் வீட்டு அம்மா இருந்தார்.

எழுத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. கம்ப்யூட்டரில் தட்டி எடுக்கும் வழக்கமான எழுத்தை, பைக்கை நிறுத்தாமல் கேட்டைக் கடக்கிறவரால் படிக்க முடியாது. நான் முதலில் ஒட்டியதைப் பலர் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி, இறங்கி, கிட்டே வந்து குனிந்துதான் படித்தார்கள். இரண்டாவதை மார்க்கர் பேனாவால் கையால் எழுதினேன். பெயரும் ‘காலமானார்’ என்பதும் விரல் நீளத்துக்கு, மற்றவை அதில் பாதி. மழைக்காலம் என்பதால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைக் கீழ்நோக்கி வைத்து ஒட்டினோம். வாய் மேலே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மை கலைந்துவிடும். கீழே அதே செய்தி ஆங்கிலத்தில் இரண்டு வரி.

இவ்வளவு செய்தும் முக்கியமான ஆட்கள் இரண்டு பேருக்கு அந்தத் தாள் போய்ச் சேரவில்லை. மூன்றாம் மாடி மர வேலைக்கு வந்த தச்சர்கள் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். தமிழும் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்கள் வந்து மேலே போய் மெஷினைப் பிளக்கில் சொருகிவிட்டார்கள். முதல் துளையின் சத்தம் கேட்டதும் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் ஓடினார். தெரிந்த அரைகுறை இந்தியில் கீழ் வீட்டைக் காட்டி, கையைக் கூப்பிக் காட்டினார். அவர்கள் உடனே மெஷினை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரியவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒட்டிய தாளில் பாதி வேலைதான் முடிகிறது. வேலையாட்கள், தண்ணீர் லாரி டிரைவர், ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் காய்கறி வண்டிக்காரர், பார்சல் கொண்டுவரும் பையன்கள் ஆகியோருக்கு ஒரு ஆள் வாயால் சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் செக்யூரிட்டிதான். அவருக்குத் தாளை ஒரு முறை படித்துக் காட்டி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்வது அவருக்கும் பலம்.

தாளில் எழுதவே கூடாத சங்கதி ஒன்று அன்றைக்கு இருந்தது. சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் நான்காம் மாடிக் குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாள். பலூன், சமையல், அழைப்பு எல்லாம் ஆகிவிட்டது. ‘விருந்துகளைத் தவிர்க்கவும்’ என்று நோட்டீஸில் போடுங்கள் என இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். குடியிருப்பில் ஒரே ஒரு விருந்துதான் இருக்கும்போது அப்படி எழுதுவது அந்தத் தாயை ஊர் நடுவே நிறுத்தி விரல் நீட்டுவது. நான் மாடியேறிப் போனேன். கதவைத் திறந்ததுமே அவர் கண் கலங்கியிருந்தது. “நானே கீழ வரலாம்னு இருந்தேன் சார். சார்கிட்டதான் இவ அ, ஆ எழுதினா. என்ன பண்றதுன்னு தெரியலை.” பாட்டு இல்லை, மைக் இல்லை, மாடியில் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே குழந்தைகளை வைத்து கேக் வெட்டிக்கொள்கிறோம் என்று அவரே முடிவு செய்தார். சமையல் செய்தவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் பாதி இரண்டாம் மாடிக்கு வந்த உறவுக்காரர்களுக்குப் போயிற்று. சடலம் எடுத்த பிறகு சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுப்பது நம் பழைய வழக்கம்தானே.

வெள்ளி இரவுதான் கஷ்டமாக இருந்தது. ஃப்ரீசர் பெட்டி லிஃப்டில் நுழையாது என்பதால் நான்கு பேர் படி வழியே தூக்கி வந்து ஹாலில் வைத்திருந்தார்கள். அதன் மோட்டார் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. உறவுக்காரர்கள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வீட்டிலும் டிவி அணைந்தது. நள்ளிரவில் அக்கா தனியாக ஒப்பாரி வைத்தார். தம்பி சின்ன வயதில் ஏரியில் நீச்சல் பழகியதிலிருந்து தலைமை ஆசிரியர் ஆனது வரை அந்தப் பாட்டில் வந்தது. படிக்கட்டு வழியே அது நான்காம் மாடி வரை கேட்டது. ஒரு வீட்டிலிருந்தும் கதவு திறந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஒரு முணுமுணுப்பும் இல்லை.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இரண்டு தாளையும் நானே எடுத்தேன். வேறொரு குடியிருப்பில் ஒரு அம்மாவின் படத்தோடு ஒட்டிய இரங்கல் தாள் இரண்டு மாதம் வெயிலில் கிடந்து முகம் நீலமாக வெளுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் மகள் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தாள். ஒட்டிய ஆளே எடுக்க வேண்டும், எடுப்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். வெளியே எறியவும் கூடாது. மகனிடம் கொடுத்தேன், அவர் அதைச் சாவு காரியக் கணக்கு எழுதும் நோட்டில் மடித்து வைத்துக்கொண்டார்.

தச்சர்கள் விஷயம் பாக்கி. அவர்கள் அன்றாடக் கூலிக்காரர்கள். மூன்று நாள் நிறுத்துங்கள் என்று நாம் ஒரு தாளில் எழுதிவிடுகிறோம், அதற்கான விலையை யாரோ கொடுக்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரர் நல்லவர். வெள்ளி, சனி இரண்டு நாளும் சத்தமில்லாத வேலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மைக்கா ஒட்டுவது, பாலிஷ் போடுவது. ஞாயிறு எப்படியும் விடுமுறை. கூலி குறையவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவர்களின் மேஸ்திரி மேலே போகாமல் இரண்டாம் மாடியில் நின்றார். தமிழ்க்காரர், முதல் நாள் அவர் வந்திருக்கவில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று, “அம்மா, இன்னிக்கு மெஷின் போடலாங்களா? இல்ல இன்னும் ரெண்டு நாள் பொறுக்கட்டுமா?” என்று கேட்டார். பெரியவரின் மனைவி ஹாலில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“போடுப்பா, உன் பொழப்பு கெடக் கூடாது. மேல சத்தம் கேட்டா ஆளுங்க இருக்காங்கன்னு எனக்கும் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் மட்டும் நிறுத்திக்கோ. அப்பதான் எனக்குக் கொஞ்சம் கண்ணு சொக்குது.”